வைஃபை நின்றால் அம்மா பார்க்க ஒரு பாய்வுப்படம்: மூன்றாம் கட்டத்தைத் தாண்டவில்லை

சாரல் · 2 மார்ச், இரவு 9:14

அம்மாவும் அப்பாவும் தென்காசியில், நான் சென்னையில். வாரம் ஒரு முறையாவது வைஃபை நின்றுவிட்டது என்று போன் வருகிறது. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் நான் கேட்பதும் அம்மா சொல்வதுமாகப் போகிறது. சலித்துப்போய் ஒரு சார்ட் தாளில் பாய்வுப்படம் வரைந்து, பொங்கலுக்குப் போனபோது பெட்டிக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தேன். 23 கட்டங்கள். இரண்டு நாள் உழைப்பு.

அம்மா ஒரு முறைகூட மூன்றாம் கட்டத்தைத் தாண்டவில்லை. அந்தக் கட்டத்தில் உள்ள கேள்வி: "இணையம் சரியாக வேலை செய்கிறதா?" அம்மாவின் பதில்: "சில நேரம்." அதற்கு நான் அம்புக்குறி போடவில்லை.

எந்த வரிசையில் கேட்பது, எத்தனை கட்டம் வைப்பது? இப்படி வரைந்து வீட்டில் உண்மையாகவே பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வேகம்100 · 2 மார்ச், இரவு 9:31

23 கட்டம் எதற்கு? ஒன்று போதும். அணைத்துவிட்டுப் போடு. வந்தால் சரி, வராவிட்டால் நிறுவனத்துக்குப் போன். நான் எட்டு வருடமாக இப்படித்தான்.

கரும்பலகை · 3 மார்ச், காலை 6:50

பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கிறேன், அதனால் படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் மூன்றாம் கட்டத்தில் தவறு "சரியாக" என்ற சொல்லில் இருக்கிறது. சாய்சதுரத்துக்குள் எழுதும் கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே வாசல். உள்ளே போகிறவர் யோசித்து முடிவு செய்ய வேண்டிய கேள்வி என்றால் அவர் உள்ளேயே நின்றுவிடுவார். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதை மட்டும் கேளுங்கள். விளக்கு எரிகிறதா, சிவப்பா, இந்தப் பக்கம் திறந்ததா.

மாணவர்களுக்கு நான் வைக்கும் சோதனை இது: ஒரே நேரத்தில் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் வேறு வேறு பதில் சொன்னால் தவறு கேள்வியுடையது.

மொட்டைமாடி · 3 மார்ச், காலை 10:22

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினை. கீழே நன்றாக வருகிறது, மாடி அறையில் ஒரு கோடுதான் காட்டுகிறது. மழை பெய்தால் அதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

சாரல் · 3 மார்ச், காலை 10:40

அது வேறு பிரச்சினை அல்லவா? இங்கே நான் வரவே வராததைப் பற்றிக் கேட்கிறேன்.

வேகம்100 · 3 மார்ச், காலை 10:58

@மொட்டைமாடி வீட்டில் பழைய ரவுட்டர் ஏதாவது கிடந்தால் மாடியில் வையுங்கள். கீழே உள்ளதிலிருந்து ஒரு கேபிள் இழுத்து அதில் செருகுங்கள். கீழே இருக்கும் அதே பெயர், அதே கடவுச்சொல் வைத்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

கம்பிவடம் · 3 மார்ச், மாலை 5:15

சகோதரி, தொலைபேசித் துறையில் கம்பியோடு 31 வருடம் இருந்தவன். இப்போது பேரன் வீட்டு வைஃபைதான் என் அலுவலகம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

வைஃபை நின்றுவிட்டது என்று சொல்லும்போது நாம் மூன்று சாலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறோம். போனிலிருந்து ரவுட்டர் வரை காற்றில் ஒரு சாலை. ரவுட்டரிலிருந்து நிறுவனம் சுவரில் மாட்டிய பெட்டி வரை ஒரு முழக் கம்பி. அந்தப் பெட்டியிலிருந்து தெருவுக்குப் போகும் கண்ணாடி இழை. போனின் மேல் மூலையில் உள்ள விசிறி அடையாளம் முதல் சாலையை மட்டும்தான் காட்டும். அது முழுதாக இருந்தும் இணையம் துளிகூட வராமல் இருக்கலாம். "கோடு முழுசாக இருக்கிறது, ஆனால் வரவில்லை" என்று அம்மா சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, முதல் சாலை நன்றாக இருப்பதைச் சொல்கிறார்.

ஆகவே உங்கள் படத்தின் முதல் வேலை, எந்தச் சாலை என்று வெட்டுவது. நாங்கள் கம்பியில் பழுது தேடும்போது நுனியிலிருந்து ஒவ்வொரு கம்பமாகப் போக மாட்டோம். நடுவில் ஒரு கம்பத்தில் ஏறிச் சோதிப்போம். அங்கே ஒலி இருந்தால் பழுது அந்தப் பக்கம், இல்லாவிட்டால் இந்தப் பக்கம். ஒரே கேள்வியில் பாதி ஊர் கழிந்துவிடும். வீட்டில் அந்த நடுக் கம்பம் எது? "இன்னொரு போனில் வருகிறதா?" என்ற கேள்விதான். வருகிறது என்றால் ரவுட்டர், பெட்டி, தெரு எல்லாம் ஒரே அடியில் விடுதலை.

அதற்கு முன்னால் விளக்குகள், ஏனென்றால் பார்க்க ஐந்து நொடிதான். சுவர்ப் பெட்டியில் LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி வரவில்லை என்று அர்த்தம். இழை எங்கோ அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது நிறுவனத்தின் பக்கம் கோளாறு. வீட்டுக்குள் நாற்காலிக் கால் நசுக்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கலாம், அவ்வளவுதான். பச்சை முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்து ஒளி வருகிறதா என்று பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் ஆபத்து இல்லை என்று ஆகாது.

இன்னொன்று. ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதை அழுத்தச் சொல்லி எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள். அது அணைத்துப் போடுவது அல்ல. உள்ளே இருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துபோகும். அதன்பின் உங்கள் அம்மாவால் ஒன்றும் செய்ய முடியாது, உங்களாலும் சென்னையிலிருந்து முடியாது.

சாரல் · 3 மார்ச், இரவு 11:05

ஐயா, நடுக் கம்பம் என்ற ஒன்றுக்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை. 23 கட்டத்தையும் கிழித்துவிட்டேன்.

வீட்டில் இரண்டு பெட்டிகள். சுவரில் நிறுவனத்தின் வெள்ளைப் பெட்டி, மேசையில் நாங்கள் வாங்கிய கறுப்பு ரவுட்டர். ஆங்கிலப் பெயர்கள் வேண்டாம் என்று அம்மாவிடம் LOS விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் படம்:

```
1. இரண்டு பெட்டியிலும் விளக்கு எரிகிறதா?
   ஆம் → 2
   இல்லை → பிளக், சுவிட்ச் பார்; பிறகு 1
2. பொட்டுக்குப் பக்கத்து விளக்கு எரிகிறதா?
   ஆம் → எதையும் தொடாதே; நிறுவனத்துக்குப் போன்
   இல்லை → 3
3. அப்பா போனிலும் வரவில்லையா?
   ஆம் → 4
   இல்லை → உன் போனில் வைஃபையை அழித்து மீண்டும் இணை
4. கறுப்புப் பெட்டியை அணைத்துப் போடு. 3 நிமிடம்
   பொறு. வந்ததா?
   ஆம் → முடிந்தது
   இல்லை → 5
5. பணம் கட்டிய கெடு முடிந்துவிட்டதா?
   ஆம் → கட்டு
   இல்லை → நிறுவனத்துக்குப் போன்
```

வேகம்100 · 4 மார்ச், காலை 8:02

டிஎன்எஸ் எங்கே? 8.8.8.8 என்று மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும். இதைப் போடாமல் படமே இல்லை.

கம்பிவடம் · 4 மார்ச், காலை 9:20

தம்பி, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் நிற்பது உண்மையிலேயே ஒரு கோளாறுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எப்போது என்று தெரிந்தால் மட்டும் மாற்று. மடிக்கணினி இருந்தால் இந்த மூன்றையும் வரிசையாக அடித்துப் பார்:

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
ping google.com
```

முதலாவதற்கே பதில் இல்லை என்றால் வீட்டுக்குள் கோளாறு. முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் ரவுட்டருக்கு வெளியே. முதல் இரண்டும் வந்து, மூன்றாவதில் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால்தான் நீ சொல்லும் டிஎன்எஸ். முதல் இரண்டில் நின்றிருக்கும்போது டிஎன்எஸ்ஸை மாற்றுவது, வண்டியில் பெட்ரோல் இல்லாதபோது கண்ணாடியைத் துடைப்பது மாதிரி. எதற்கும், அம்மாவிடம் இதைக் கேட்க வேண்டாம்.

சாரல் · 7 மார்ச், இரவு 8:47

முதல் உண்மைச் சோதனை. தோல்வி.

அம்மா போனில் சொன்னது: "மூன்றாவது கட்டத்தில் இல்லை. அதனால் என் போனில் வைஃபையை அழித்துவிட்டேன். கடவுச்சொல் என்ன?"

அப்பா போனில் வருகிறதா என்று கேட்டேன். "அதுதான் சொன்னேனே, இல்லை" என்றார்.

"அப்பா போனிலும் வரவில்லையா?" என்று நான் எழுதியிருந்தேன். அம்மா "இல்லை, வரவில்லை" என்று நினைத்து இல்லை பக்கம் போய்விட்டார். நான் எதிர்பார்த்தது "ஆம், வரவில்லை." நம் பேச்சில் இரண்டுமே சரி. எதிர்மறைக் கேள்வியைத் தமிழில் போட்டால் ஆம், இல்லை இரண்டும் ஒரே பக்கம் விழலாம் என்று 38 வயதில் தெரிந்துகொண்டேன்.

கரும்பலகை · 7 மார்ச், இரவு 9:10

அதை நான் கவனிக்காமல் விட்டேனே, வெட்கம். "அப்பா போனில் வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். முடிந்தால் அம்பின் மேல் வெறும் ஆம், இல்லை என்று எழுதாமல் "ஆம், வருகிறது", "இல்லை, வரவில்லை" என்று முழுதாக எழுதுங்கள்.

நான்காம் கட்டத்திலும் ஒரு குறை. அதில் மூன்று வேலையும் ஒரு கேள்வியும் கலந்திருக்கின்றன. செயலுக்குச் செவ்வகம், கேள்விக்குச் சாய்சதுரம் என்று பிரித்துவிடுங்கள். முதல் கட்டத்தில் "பிறகு 1" என்று திரும்பும் வளையத்துக்கு முடிவே இல்லை. பிளக்கில் மின்சாரமே வராவிட்டால் உங்கள் அம்மா விடியும்வரை சுற்றுவார்.

சாரல் · 7 மார்ச், இரவு 9:26

சுற்ற மாட்டார், என்னைத்தான் கூப்பிடுவார். ஆனாலும் திருத்துகிறேன்.

சாரல் · 10 மார்ச், மாலை 6:30

"வருகிறதா?" என்பதிலும் ஓட்டை. இன்று அம்மா "அப்பா போனில் வருகிறது" என்றார், அதனால் படம் அம்மாவின் போனைக் குற்றவாளி ஆக்கியது. உண்மையில் அப்பா போனில் மொபைல் டேட்டா எப்போதும் திறந்தே இருக்கும். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிட்டது. அவர் பார்த்த செய்தி கோபுரத்திலிருந்து வந்தது. நடுக் கம்பத்தில் ஏறியவன் பக்கத்துத் தெருக் கம்பத்தில் ஏறிவிட்ட கதை.

ஆகவே மூன்றாம் கேள்விக்கு முன்னால் ஒரு செவ்வகம்: இரண்டு போனிலும் மொபைல் டேட்டாவை மூடு. பிறகு இதுவரை தேடாத ஏதாவது ஒரு சொல்லைத் தேடு. ஏற்கெனவே திறந்திருந்த பக்கம் என்றால் நினைவிலிருந்தே காட்டிவிடுகிறது. அம்மா நேற்று "வெண்டைக்காய் மோர்க்குழம்பு" தேடினார். இன்று வேறு குழம்பு.

காரணம் என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். மின்வெட்டு. கறுப்புப் பெட்டி இன்வெர்ட்டர் பிளக்கில், வெள்ளைப் பெட்டி சாதாரணப் பிளக்கில். வைஃபை கோடு முழுதாக இருந்தது, சுவர்ப் பெட்டி செத்துக் கிடந்தது. முதல் கட்டம் இதைப் பிடித்திருக்க வேண்டும். அம்மா ஒரு பெட்டியில் விளக்கைப் பார்த்ததும் ஆம் என்று போய்விட்டார். "இரண்டு பெட்டியிலும்" என்பதை இரண்டு கேள்வியாக உடைத்தேன்.

மொட்டைமாடி · 11 மார்ச், காலை 11:48

@வேகம்100 நன்றி. பழைய ரவுட்டரை மாடியில் வைத்தாயிற்று. அபாரம். நான்கு கோடு.

சாரல் · 16 மார்ச், இரவு 10:55

இது நீளமான குறிப்பு. படம் தோற்ற கதை மட்டும் அல்ல, நிலைமையை மோசமாக்கிய கதை.

சனிக்கிழமை காலை அம்மா போனில் வரவில்லை. அப்பா போனில் வருகிறது, டேட்டா மூடிய பிறகும். படம் சொன்னபடி அம்மா தன் போனில் வைஃபையை அழித்து மீண்டும் இணைத்தார். வந்துவிட்டது. படம் வென்றது என்று எனக்குச் செய்தி அனுப்பினார். மாலையில் டிவியில் வரவில்லை. அதையும் மீண்டும் இணைத்தார், வரவில்லை. இன்னொரு முறை, வந்தது. ஞாயிறு அம்மா போன் மறுபடி நின்றது. பொறுமை போய், படத்தில் இல்லாத வேலையாக நான்காம் கட்டத்துக்குத் தாவி, கறுப்புப் பெட்டியை அணைத்துப் போட்டார். மூன்று நிமிடம் கழித்து எதிலுமே வரவில்லை. அப்பா போன் உட்பட. விளக்குகள் எல்லாம் சரி, பணம் கட்டியாயிற்று, கடைசிக் கட்டம்: நிறுவனத்துக்குப் போன். அவர்கள் தங்கள் பக்கம் இணைப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். அது உண்மையும்தான்.

வீடியோ அழைப்பில் ஒவ்வொரு போனிலும் வைஃபை விவரத்தைத் திறக்கச் சொல்லி ஐபி முகவரியைப் பார்த்தேன். அம்மாவுக்கு 192.168.0.103. எங்கள் கறுப்புப் பெட்டி கொடுப்பது 192.168.1 என்றுதான் தொடங்கும். அந்த மூன்றாவது எண் எங்கிருந்து பூஜ்யம் ஆனது?

அக்கா மகன் வெள்ளிக்கிழமை வந்திருக்கிறான். மாடியில் அவன் விளையாட்டுக்குச் சமிக்ஞை போதவில்லை. இந்த இழையை அவனுக்கு நான்தான் அனுப்பியிருந்தேன், படத்தைப் பார் என்று. அவன் பார்த்தது வேகம்100 சொன்ன ஐந்து நிமிட வேலையை.

கம்பிவடம் · 17 மார்ச், காலை 6:05

அடடா. ஒரு வீட்டில் இரண்டு மாமியார்.

நடந்தது இதுதான். போன் வைஃபையில் சேர்ந்ததும், எனக்கு ஒரு முகவரி கொடுங்கள் என்று வீடு முழுக்கக் கேட்கும். முகவரி கொடுக்கும் வேலை ரவுட்டருடையது. மாடியில் வைத்த பழைய ரவுட்டரும் அந்த வேலையை விடவில்லை. இரண்டில் எது முந்துகிறதோ அதன் முகவரியைப் போன் எடுத்துக்கொள்ளும். கறுப்புப் பெட்டி முந்தினால் நல்லது. பழையது முந்தினால், வெளியே போகும் வழி நான்தான் என்று 192.168.0.1 சொல்லும், ஆனால் அதன் இணைய வாசலில் கம்பியே இல்லை. போனில் "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை" என்று வரும். மீண்டும் இணைத்தால் மறுபடி சீட்டுக் குலுக்கல். அம்மாவுக்கு ஒரு முறை விழுந்தது, டிவிக்கு இரண்டாம் முறை விழுந்தது.

கறுப்புப் பெட்டியை அணைத்த அந்த மூன்று நிமிடத்தில் வீட்டில் முகவரி கொடுக்கப் பழையது ஒன்றுதான் இருந்தது. எல்லாப் போனும் அதனிடம் போய் வாங்கிக்கொண்டன. நான்காம் கட்டம் செய்த வேலை அது.

திருத்தம் எளிது. பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், முகவரி கொடுக்கும் அந்த வேலையை, அதாவது DHCP என்பதை நிறுத்த வேண்டும். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும், வேறு எதுவும் அந்த எண்ணில் இல்லை என்று பார்த்துவிட்டு. கேபிள் அதன் LAN துளையில் இருக்கட்டும். பிறகு எல்லாக் கருவியையும் ஒரு முறை அணைத்து இணைத்தால் போதும். பையனைத் திட்டாதீர்கள், கேபிளைச் சரியான துளையில்தான் போட்டிருக்கிறான்.

வேகம்100 · 17 மார்ச், காலை 9:40

நான் சொன்னதில் DHCP விட்டுப்போயிற்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அதை நிறுத்தாமலே இரண்டு வருடம் ஓடியது.

கம்பிவடம் · 17 மார்ச், காலை 9:52

ஒருவேளை நீ பழையதன் இணைய வாசலில் கேபிளைப் போட்டிருப்பாய். அப்போது ஓடும். அது வேறு ஏற்பாடு.

வேகம்100 · 17 மார்ச், காலை 10:15

போய்ப் பார்த்தேன். ஆமாம், நீல நிறத் துளை.

கரும்பலகை · 17 மார்ச், இரவு 7:33

படத்துக்கு வருவோம். எனக்கு உறுத்துவது மூன்றாம் கேள்வி. "அப்பா போனில் வருகிறதா?" ஆம் என்றால் உன் போன்தான் கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அந்த ஆம் என்பதற்குள் இரண்டு உலகம் இருக்கிறது: ஒரே ஒரு கருவி நின்றது, சில கருவிகள் நின்றன. பிந்தையது வீட்டின் கோளாறு. எனவே ஆம் பக்கத்தில் இன்னொரு சாய்சதுரம்: "டிவியில் வருகிறதா?" அங்கே இல்லை என்றால் தனி வழி. டிவி அன்று சீட்டுக் குலுக்கலில் தப்பித்திருந்தால் அதுவும் பிடிக்காது என்பது தெரியும்.

நான்காம் கட்டத்துக்கு முன்னால் ஒரு எண்ணிக்கை: "இன்று ஏற்கெனவே அணைத்துப் போட்டாயா?" ஆம் என்றால் மறுபடி அணைக்கக் கூடாது. இது இல்லாத படத்தில் மனிதர்கள் அந்தக் கட்டத்தையே சுற்றிச் சுற்றி வருவார்கள்.

சாரல் · 17 மார்ச், இரவு 10:20

இரண்டும் சேர்த்தேன். அந்தத் தனி வழியில் என்ன கேட்பது என்பதில்தான் குழப்பம். "புதிதாக எதையாவது செருகினாயா?" என்று கேட்கலாம் என நினைத்தேன். அம்மா இல்லை என்பார், செருகியது அவர் இல்லையே.

கம்பிவடம் · 18 மார்ச், காலை 6:40

"வீட்டில் விளக்கு எரியும் மூன்றாவது பெட்டி இருக்கிறதா?" மாடி ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கரும்பலகை · 18 மார்ச், காலை 7:15

டிவிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பெட்டியையும் எண்ணிவிடுவார். அதைவிட, ஐபி முகவரியின் மூன்றாவது எண் 1 தானா என்று கேட்கலாம். கண்ணால் பார்ப்பதுதானே, இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வரும்.

கம்பிவடம் · 18 மார்ச், காலை 7:31

வாத்தியாரே, அந்த எண்ணைத் தேடிப் போக அமைப்புகளில் நான்கு முறை தட்ட வேண்டும், ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு இடம். அது பாய்வுப்படம் இல்லை, புதையல் வேட்டை.

சாரல் · 19 மார்ச், இரவு 9:02

அம்மாவையே கேட்டேன். எண் பார்ப்பது பரவாயில்லை, மாடி ஏறத்தான் முழங்கால் வலி என்கிறார். ஐயா மன்னிக்கவும், இப்போதைக்கு எண்ணே. அம்மா போனில் மட்டும் எங்கே தட்டுவது என்று படம் எடுத்து ஒட்டியிருக்கிறேன்.

சாரல் · 24 மார்ச், மாலை 7:18

நேற்று வரவில்லை, அம்மா என்னைக் கூப்பிடவில்லை. பொட்டு விளக்கு சிவப்பு, நேராக நிறுவனத்துக்குப் போன் செய்திருக்கிறார். தெருவில் பள்ளம் தோண்டியபோது இழை அறுந்ததாம், இன்று மதியம் ஒட்டினார்கள். எனக்கு இன்றுதான் தெரியும்.

அம்மா தாளில் தானாக ஒரு கட்டம் எழுதியிருக்கிறார், முதல் கட்டத்துக்கும் மேலே: "கரண்ட் இப்போதுதான் வந்ததா? ஆம் என்றால் காபி போட்டுக் குடித்துவிட்டு வா." பெட்டி விழித்தெழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும் என்று நான் எங்கும் எழுதவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மொட்டைமாடி · 24 மார்ச், இரவு 9:36

ஒரு சந்தேகம். இரண்டு நாளாகக் கீழே டிவி அவ்வப்போது நிற்கிறது. மேலே படித்துவிட்டு எண் பார்த்தேன். டிவியில் 192.168.0.101. இது நல்லதா, கெட்டதா?

கம்பிவடம் · 24 மார்ச், இரவு 9:41

நன்றாக வரும் போன் ஏதாவது இருக்கிறதா? அதில் என்ன எண்?

மொட்டைமாடி · 24 மார்ச், இரவு 9:44

192.168.1.7.